விரிசலும் பாப்பிங்கும் இல்லாத நிலப்பரப்பு: குவாட்ட்ரீ பேட்ச்களில் மார்ஃப் முறையை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

பெரிய நிலப்பரப்பை வரையும்போது அருகில் உள்ள பகுதிக்கு நெருக்கமான முக்கோண வலையையும், தொலைவில் உள்ள பகுதிக்கு அகலமான வலையையும் பயன்படுத்துகிறோம். இப்படி நுணுக்க நிலைகளைப் பிரித்தவுடன் இரண்டு குறைகள் தோன்றுகின்றன. இரு வேறு நிலைகள் சந்திக்கும் விளிம்பில் வலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல், இடைவெளி வழியாகப் பின்னணி நிறம் தெரிவது விரிசல். கேமரா நகரும்போது ஒரு பகுதியின் நிலை மாறி, மலைச்சரிவு ஒரே ஃபிரேமில் சட்டென வேறு வடிவத்துக்குத் தாவுவது பாப்பிங். பலரும் இவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாகக் கருதி, விரிசலுக்குப் பேட்ச் எனப்படும் ஒவ்வொரு வலைத் துண்டின் ஓரத்திலும் இடைவெளியை மறைக்கும் செங்குத்துப் பாவாடையும், பாப்பிங்குக்கு நேரத்தை வைத்து மெல்ல மாறும் கலவையும் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றே என்பதும், அதைச் சரிசெய்தால் இரண்டும் சேர்ந்தே மறையும் என்பதும் என் உறுதியான கருத்து. வடிவத்தைத் தீர்மானிக்கும் முடிவு ஒட்டுமொத்தப் பேட்ச்சுக்கும் ஒன்றாகவும், ஆம் அல்லது இல்லை என்ற வகையிலும் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் தனியாக, கேமராவுக்கும் அதற்கும் உள்ள தொலைவின் தொடர்ச்சியான சார்பாக மாற்றிவிட வேண்டும்.

இதை முழுமையாகச் செய்துகாட்டிய முறை, ஃபிலிப் ஸ்ட்ரூகர் 2009இல் வெளியிட்ட சிடிஎல்ஓடி. நிலப்பரப்பைக் குவாட்ட்ரீயாகப் பிரித்து, ஒரே சதுர வலையை எல்லா இடங்களிலும் வெவ்வேறு அளவுகளில் வரைந்து, மார்ஃப் எனப்படும், நிலைகளுக்கு இடையிலான படிப்படியான மாற்றத்தை வெர்டெக்ஸ் ஷேடரிலேயே முடித்துவிடும் முறை இது. கீழே இதைப் படிப்படியாக அமைக்கிறேன். இதற்கு மாற்றான கிளிப்மேப் முறையைப் பிற்பகுதியில் சுருக்கமாகத் தொடுகிறேன்.

## எடுத்துக்கொள்ளும் நிலம்

ஒரு மீட்டருக்கு ஒரு உயர மாதிரி வீதம், 4096 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலம் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4096 கட்டங்களுக்கு 4097 மாதிரிகள் தேவை. ஆகவே ஹைட்மேப்பின் அளவு 4097×4097. ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட் ஒதுக்க வேண்டும். 8 பிட்டில் 256 படிகளே கிடைப்பதால், ஆயிரம் மீட்டர் உயர வேறுபாட்டில் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 4 மீட்டர் ஆகிச் சரிவுகள் படிக்கட்டுகளாகத் தெரியும். 16 பிட்டில் அதே படி ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டராகக் குறைகிறது.

வரைவதற்கு ஒரே ஒரு பேட்ச் போதும். பக்கத்துக்கு 32 கட்டங்கள், அதாவது 33×33 வெர்டெக்ஸ்கள், 2048 முக்கோணங்கள். குவாட்ட்ரீயின் கடைநிலைக் கணுவான நிலை 0 இந்தப் பேட்ச்சை 32 மீட்டர் சதுரத்தில் வரையும். நிலை 1 அதே பேட்ச்சை 64 மீட்டரில், கட்டத்துக்கு 2 மீட்டராக விரித்து வரையும். இவ்வாறு இரட்டிப்பாகிக்கொண்டே போய், 4096 மீட்டர் முழுவதையும் ஒரே கணுவாக அடக்கும் நிலை 7 வேர் ஆகிறது. கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பது கட்டாயம். மார்ஃப் முழுவதும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வெர்டெக்ஸ்களை வேறுபடுத்துவதில்தான் நிற்கிறது. பேட்ச்சின் கால் பகுதியைத் தனியாக வரையும் தேவையும் வரும் என்பதால், அந்தக் கால் பகுதியும் இரட்டைப்படை எண்ணில் தொடங்க வேண்டும். 32 எனில் பாதி 16. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன.

## முதல் படி: கணுக்களின் உயர எல்லைகள்

ஒவ்வொரு கணுவுக்கும் அதன் மிகக் குறைந்த உயரத்தையும் மிக அதிக உயரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் கணுவின் சதுரமும் சேர்ந்து ஒரு முப்பரிமாணப் பெட்டியாகின்றன. கேமராவிலிருந்து தொலைவு பார்ப்பதும், பார்வைப் பரப்புக்கு வெளியே உள்ளதை விலக்குவதும் இந்தப் பெட்டியை வைத்தே நடக்கின்றன.

இங்கே எளிதில் கவனம் தவறும் இடம் ஒன்று உண்டு. 32 கட்டங்கள் கொண்ட கணுவின் உயர எல்லைகளைக் கணக்கிடும்போது 32×32 மாதிரிகளை மட்டும் பார்த்தால், அடுத்த கணுவோடு பகிரும் கடைசி வரிசையும் கடைசி நெடுவரிசையும் விடுபடும். 33×33 மாதிரிகளையும் சேர்க்க வேண்டும். விளிம்பில் உள்ள வெர்டெக்ஸ் இரு கணுக்களின் பெட்டிகளுக்குள்ளும் அடங்கியிருக்கிறது என்ற உறுதியின் மேல்தான் பின்னால் வரும் நிரூபணம் நிற்கிறது. பெட்டி ஒரு வரிசை குறைந்தால், செங்குத்தான பாறை விளிம்பைத் தாண்டும் சில இடங்களில் மட்டும் எப்போதாவது ஒரு விரிசல் தோன்றும். அத்தகைய பிழையைப் பின்னால் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

## இரண்டாம் படி: தொலைவு வரம்புகள்

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தொலைவு வரம்பு வேண்டும். நிலை 0இன் வரம்பு 128 மீட்டர் என வைப்போம். அது கடைநிலைக் கணுவின் பக்கத்தைப் போல நான்கு மடங்கு. அடுத்தடுத்த நிலைகளின் வரம்புகள் 256, 512, 1024, 2048, 4096, 8192 என இரட்டிப்பாகின்றன. கட்டத்தின் அளவும் இதே வீதத்தில் இரட்டிப்பாவதால், திரையில் முக்கோணங்களின் அளவு எல்லா நிலைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வேர்க் கணுவுக்கு மட்டும் வரம்பே இல்லாதபடி மிகப் பெரிய எண்ணைக் கொடுத்து, அதன் மார்ஃபை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் மாறிச் செல்ல வேறு நிலை இல்லை.

128 என்ற எண் சரிதானா என்பதைத் திரையை வைத்துச் சோதிக்கலாம். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில், செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை எனில், `d` மீட்டர் தொலைவில் உள்ள ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ `935 / d` பிக்சலாகத் தெரியும். 128 மீட்டரில் இது 7 பிக்சலுக்குச் சற்று மேல். அங்கே வலை ஒரு மீட்டர் கட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் கட்டத்துக்கு மாறுகிறது, அதாவது 7 பிக்சல் 14 ஆகிறது. பெரும்பாலான நிலங்களுக்கு இது போதுமான நுணுக்கம். கேமரா நிலத்தின் நடுவில் இருந்தால் சுற்றிலும் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட பேட்ச்கள் தேர்வாகும். 90 பாகைக் கிடைமட்டப் பார்வைக்குள் அவற்றில் கால் பங்கு, விளிம்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 60 அமையும். அது ஒரு லட்சத்து இருபதாயிரம் முக்கோணங்களுக்கு அருகில் வருகிறது. இன்றைய ஜிபியுவுக்கு இது சிறிய வேலை.

வரம்புக்குள் எந்த இடத்தில் மார்ஃப் தொடங்க வேண்டும் என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். முந்தைய நிலையின் வரம்பிலிருந்து இந்த நிலையின் வரம்பு வரை உள்ள வளையத்தில் 70 விழுக்காட்டைக் கடந்தபின் தொடங்கி, வளையத்தின் முடிவில் முடிப்பது நல்ல தொடக்க மதிப்பு. நிலை 1க்கு வளையம் 128 முதல் 256 வரை. மார்ஃப் 217.6 மீட்டரில் தொடங்குகிறது. முடியும் இடத்தைச் சரியாக 256 என வைக்காமல், மார்ஃப் பட்டையின் நீளத்தில் ஒரு விழுக்காட்டளவு முன்னதாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதவைப்புள்ளிக் கணக்கில் மார்ஃப் மதிப்பு 1 ஆவதற்குப் பதிலாக 0.9999999 என நின்று, ஒற்றைப் பிக்சல் ஓட்டைகளை விட்டுச்செல்லும்.

## மூன்றாம் படி: கணுக்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு ஃபிரேமிலும் வேரிலிருந்து கீழிறங்கி, எந்தக் கணுவை எந்த நிலையில் வரைவது எனத் தீர்மானிக்கிறோம்.

```cpp
bool select(const Node& n, int level) {
    if (!n.box.touchesSphere(eye, range[level])) return false;
    if (!frustum.touches(n.box)) return true;
    if (level == 0 || !n.box.touchesSphere(eye, range[level - 1])) {
        drawWhole(n, level);
        return true;
    }
    for (int q = 0; q < 4; ++q)
        if (!select(n.child[q], level - 1))
            drawQuarter(n, q, level);
    return true;
}
```

கணுவின் பெட்டி தன் நிலையின் வரம்புக்கு வெளியே இருந்தால் `false` திரும்புகிறது. அந்தப் பகுதியைப் பெற்றோர்க் கணுவே தன் அகலமான வலையில் வரைய வேண்டும் என்பது இதன் பொருள். அப்போது பெற்றோரின் பேட்ச்சில் ஒரு கால் பகுதி மட்டும் வரையப்படுகிறது. இதற்காகப் பேட்ச்சின் இண்டெக்ஸ் பஃபரை நான்கு கால் பகுதிகளாகத் தொடர்ச்சியாக அடுக்கி வைத்தால், முழுவதையும் வரைய மொத்த நீளத்தையும், கால் பகுதியை வரைய அதற்குரிய தொடக்கத்தையும் நீளத்தையும் கொடுத்தால் போதும்.

பார்வைக்கு வெளியே உள்ள கணு `true` திரும்புவதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வரைய எதுவும் இல்லை என்றாலும், அந்தப் பகுதி கையாளப்பட்டுவிட்டது. இங்கே `false` கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையெல்லாம் பெற்றோர் வரையத் தொடங்கிவிடும்.

இந்த நிரல் தரும் முக்கியமான உறுதிமொழி ஒன்று உண்டு. `L+1` நிலையில் வரையப்படும் எந்தப் பகுதியின் பெட்டியும், முழுக் கணுவானாலும் கால் பகுதியானாலும், `range[L]` ஆரமுள்ள கோளத்தைத் தொடுவதில்லை. விரிசல் இல்லாமைக்கான முதல் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

## நான்காம் படி: வெர்டெக்ஸ் மார்ஃப்

மார்ஃபின் நோக்கம், ஒரு நிலையின் நெருக்கமான வலை, தொலைவு கூடக்கூட அடுத்த நிலையின் அகலமான வலையாகவே மெல்ல மாறிவிடுவது. வடிவம் ஏறத்தாழ ஒத்துப்போனால் போதாது. மார்ஃப் முடிந்த நொடியில் அதே முக்கோணங்கள், அதே மூலைவிட்டங்கள், அதே வெர்டெக்ஸ் இடங்கள் அமைய வேண்டும்.

இதற்கு ஒற்றைப்படை எண்ணுள்ள வெர்டெக்ஸ்களைத் தமக்கு முந்தைய இரட்டைப்படை வெர்டெக்ஸை நோக்கி நகர்த்துகிறோம். நான்கு சிறு கட்டங்கள் சேர்ந்த 2×2 தொகுதியை எடுத்துக்கொள்வோம். (1,0) இடத்தில் உள்ள வெர்டெக்ஸ் (0,0) நோக்கியும், (0,1) அதே (0,0) நோக்கியும், நடுவில் உள்ள (1,1) மூலைவிட்டமாக (0,0) நோக்கியும் நகர்கின்றன. (2,1) என்பது (2,0) நோக்கியும், (1,2) என்பது (0,2) நோக்கியும் செல்கின்றன. மார்ஃப் முடியும்போது நான்கு கட்டங்களில் மூன்று பரப்பளவு இல்லாமல் சுருங்கிவிடுகின்றன. (1,1)இல் தொடங்கிய நான்காவது கட்டம் (0,0), (2,0), (0,2), (2,2) என்ற முழுச் சதுரமாக விரிகிறது. சிறு கட்டத்தின் மூலைவிட்டம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில்தான் பெரிய கட்டத்தின் மூலைவிட்டமும் அமைகிறது. ஆகவே எட்டு முக்கோணங்கள் அடுத்த நிலையின் இரண்டு முக்கோணங்களாகவே மாறிவிடுகின்றன. வலை முழுவதிலும் மூலைவிட்டங்கள் ஒரே திசையில் இருந்தால் மட்டுமே இது உண்மை. அழகுக்காக மூலைவிட்டங்களை மாற்றி மாற்றி அமைத்தால் இந்தப் பொருத்தம் உடைந்துவிடும்.

```glsl
float heightAt(vec2 p) {
    return textureLod(heightMap, (p + 0.5) / heightSize, 0.0).r
           * heightScale;
}

void main() {
    vec2  p = nodeOrigin + grid * nodeStep;
    vec3  w = vec3(p * spacing, heightAt(p)).xzy;
    float d = distance(w, eye);
    float k = clamp((d - morphStart) / (morphEnd - morphStart),
                    0.0, 1.0);

    vec2 odd = fract(grid * 0.5) * 2.0;
    p = nodeOrigin + (grid - odd * k) * nodeStep;
    w = vec3(p * spacing, heightAt(p)).xzy;
    gl_Position = viewProj * vec4(w, 1.0);
}
```

`grid` என்பது 0 முதல் 32 வரையிலான முழு எண். `nodeOrigin`, `nodeStep` இரண்டும் ஹைட்மேப்பின் மாதிரிகளை அலகாகக் கொண்ட முழு எண்கள். கணக்கை மீட்டரில் தொடங்காமல் மாதிரி எண்ணில் தொடங்குவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மிதவைப்புள்ளி எண்கள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் வரையிலான முழு எண்களைத் துல்லியமாகக் காக்கும். எனவே `k` சரியாக 1 ஆகும்போது, நிலை 0இன் நகர்ந்த வெர்டெக்ஸும் நிலை 1இன் நகராத வெர்டெக்ஸும் கடைசிப் பிட் வரை ஒரே `p` மதிப்பைப் பெறுகின்றன. அதே `p` அதே உயரத்தையும் அதே திரை இடத்தையும் தருகிறது. மீட்டரில் 0.3 போன்ற இடைவெளியை முதலிலேயே பெருக்கிவிட்டால் இந்தத் துல்லியம் போய்விடும்.

ஒரே நிலையில் உள்ள இரு பேட்ச்கள் பகிரும் விளிம்பும் இதே காரணத்தால் பாதுகாப்பானது. இரு பக்கத்திலும் அந்த வெர்டெக்ஸின் இடம் ஒன்று, உயரம் ஒன்று, தொலைவு ஒன்று. ஆகவே `k` ஒன்றுதான். விளிம்புக்குக் குறுக்கான திசையில் ஒரு பக்கம் அதன் எண் 32, மறுபக்கம் 0. இரண்டும் இரட்டைப்படை என்பதால் அது விளிம்பை விட்டு விலகுவதே இல்லை. இந்த ஒற்றுமைக்காகவே `k` மதிப்பைப் பேட்ச்சின் மையத்தை வைத்துச் சிபியுவில் கணக்கிடக் கூடாது. அப்படிச் செய்தால் அண்டைப் பேட்ச்கள் வெவ்வேறு `k` பெற்று ஒரே நிலைக்குள்ளேயே விரிசல் வரும்.

உயரத்தை எடுக்கும் வரியில் உள்ள 0.5 டெக்செலின் மையத்தைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் எல்லா உயரங்களும் அரை டெக்செல் நகர்ந்து, அண்டையில் உள்ள நான்கு மாதிரிகளின் சராசரியாக வரும். ஒரே டெக்ஸ்சரைப் பயன்படுத்தும்வரை விரிசல் தெரியாது. நிலத்தைப் பல டெக்ஸ்சர்களாகப் பிரித்த அன்று ஒவ்வொரு எல்லையிலும் தெரியும்.

நகரும் வெர்டெக்ஸ் கரடுமுரடான நிலத்தின் மேல் ஊர்ந்து செல்லும்போது, தொலைவில் உள்ள மலைகள் நீர்ப்பரப்பு போல் லேசாக அலைவதைக் காண நேரலாம். நிலை 3இல் ஒரு வெர்டெக்ஸ் 8 மாதிரிகளைக் கடந்து செல்வதால், இடையில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதை ஏற்றி இறக்கும். இதற்கு மருந்து, இரண்டாம் முறை உயரம் எடுக்கும்போது `0.0` என்ற மிப்மேப் நிலைக்குப் பதிலாக `level + k` கொடுப்பது. டெக்ஸ்சரின் வடிகட்டல் மிப்மேப்களுக்கு இடையிலும் நேர்கோட்டு முறையில் இருக்க வேண்டும். நிலை `L` தன் முடிவில் `L+1` மிப்மேப்பைப் படிக்கிறது, நிலை `L+1` தன் தொடக்கத்தில் அதையே படிக்கிறது. பொருத்தம் கெடுவதில்லை. தொலைவு கணக்கிடும் முதல் உயரத்தை மட்டும் எப்போதும் 0 நிலையிலிருந்தே எடுக்க வேண்டும், ஏனெனில் கணுவின் பெட்டி அந்த உயரங்களால் ஆனது. இதற்கு ஈடாக, கூர்மையான சிகரங்கள் தொலைவில் சற்றுத் தேய்ந்து தெரியும். அலைவதைவிட அது கண்ணுக்கு மென்மையானது என்பது என் தேர்வு.

## ஐந்தாம் படி: எல்லை உண்மையில் மூடுகிறதா எனச் சரிபார்த்தல்

`L` நிலைப் பேட்ச்சும் `L+1` நிலைப் பேட்ச்சும் தொடும் விளிம்பில் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நெருக்கமான பக்கத்தில் மார்ஃப் முழுமையாக முடிந்திருக்க வேண்டும், அகலமான பக்கத்தில் மார்ஃப் இன்னும் தொடங்கியிருக்கக் கூடாது.

முதல் நிபந்தனை தேர்வு நிரலாலேயே நிறைவேறுகிறது. விளிம்பில் உள்ள ஒவ்வொரு வெர்டெக்ஸும் அகலமான பகுதியின் பெட்டிக்குள் அடங்கியது. அந்தப் பெட்டி `range[L]` கோளத்தைத் தொடுவதில்லை. ஆகவே வெர்டெக்ஸின் தொலைவு `range[L]`ஐ விடக் கூடுதல், அதன் `k` மதிப்பு 1. பகிரப்படும் கடைசி வரிசையைப் பெட்டியில் சேர்க்க வேண்டும் என முதலில் வலியுறுத்தியதன் காரணம் இதுதான்.

இரண்டாம் நிபந்தனை தானாக நிறைவேறுவதில்லை. நெருக்கமான பேட்ச்சின் பெட்டி கோளத்தை எங்கோ ஓர் இடத்தில் தொடுகிறது. அதன் மறுகோடியில் உள்ள வெர்டெக்ஸ், அதிகபட்சமாகப் பெட்டியின் மூலைவிட்ட நீளம் வரை அப்பால் இருக்கலாம். அங்கும் `L+1` நிலையின் மார்ஃப் தொடங்காமல் இருக்க வேண்டுமெனில், `range[L]` உடன் பெட்டியின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் வரும் எண் `morphStart[L+1]`ஐத் தாண்டக் கூடாது.

நம் எண்களை இட்டுப் பார்ப்போம். சமவெளியில் 32 மீட்டர் கணுவின் மூலைவிட்டம் ஏறத்தாழ 45 மீட்டர். 128 உடன் கூட்டினால் 173. மார்ஃப் தொடங்கும் 217.6ஐ விடக் குறைவு என்பதால் சிக்கல் இல்லை. ஒரே கணுவுக்குள் 60 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் மூலைவிட்டம் 75 ஆகிறது. கூட்டுத்தொகை 203, இதுவும் பரவாயில்லை. ஆனால் 100 மீட்டர் செங்குத்துப் பாறை ஒரே கணுவில் அமைந்தால் மூலைவிட்டம் ஏறத்தாழ 110, கூட்டுத்தொகை 238. மார்ஃப் தொடங்கும் தொலைவைத் தாண்டிவிட்டது. கேமரா மிகப் பாதகமான இடத்தில் நிற்கும்போது அந்தப் பாறை அருகே விரிசல் தோன்ற வாய்ப்பு உண்டு. இந்த அமைப்பு தாங்கும் அதிகபட்ச உயர வேறுபாடு, நிலை 0இன் கணுவுக்கு ஏறத்தாழ 77 மீட்டர். மேல் நிலைகளில் கணுவின் பக்கமும் வரம்பும் இரட்டிப்பாகும்போது நிலத்தின் உயர வேறுபாடு பொதுவாக அதே வீதத்தில் கூடுவதில்லை. எனவே நெருக்கடி பெரும்பாலும் கீழ் நிலைகளிலேயே வரும்.

ஆகவே நிலத்தை ஏற்றும்போதே, ஒவ்வொரு நிலையிலும் உள்ள கணுக்களின் மிகப் பெரிய மூலைவிட்டத்தைக் கண்டு இந்தச் சமனின்மையைச் சோதிக்கும் சில வரிகளை எழுதிவிடுங்கள். தோல்வியுற்றால் மார்ஃப் தொடக்கத்தை 70 விழுக்காட்டிலிருந்து 85க்குத் தள்ளலாம், அல்லது அடிப்படை வரம்பை 128லிருந்து 160 ஆக உயர்த்தலாம். முதலாவது வழியில் மார்ஃப் பட்டை குறுகி மாற்றம் வேகமாக நடக்கும். 100 மீட்டர் பாறைக்குத் தொடக்கம் 236.8 ஆவதால் அதுவும் மயிரிழையில் போதாது. இரண்டாவது வழியில் கூட்டுத்தொகை 270, தொடக்கம் 272. முக்கோணங்கள் கூடினாலும் கணக்கு சரியாகிறது. நான் இரண்டாவதையே தேர்வேன்.

## ஒளியில் மிஞ்சும் பாப்பிங்

வடிவம் முழுக்கத் தொடர்ச்சியாக மாறிய பின்னும் சிலருக்கு மலைச்சரிவுகளில் நிழல்பட்டைகள் சட்டென மாறுவது தெரியும். அவர்கள் நார்மல்களை வெர்டெக்ஸிலிருந்தோ முக்கோணத்திலிருந்தோ எடுக்கிறார்கள் என்பதே காரணம். சில சென்டிமீட்டர் வடிவ மாற்றத்தைக் கண் பொருட்படுத்தாது. அதனால் வரும் சில பாகைக் கோண மாற்றம் தாழ்ந்த வெயிலில் பளிச்சென்று தெரியும். ஹைட்மேப்பின் முழு நுணுக்கத்திலிருந்து முன்கூட்டியே ஒரு நார்மல் டெக்ஸ்சரைச் செய்துவைத்து, ஃபிராக்மெண்ட் ஷேடரில் பிக்சல்தோறும் அதிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது ஒளிக்கும் வலையின் நிலைக்கும் தொடர்பே இருக்காது. தொலைவில் வலை அகலமானாலும் சரிவின் மடிப்புகள் நிழலில் தங்கிவிடுவதால், வரம்புகளைக் குறைத்து முக்கோணங்களை மிச்சப்படுத்தவும் இது இடம் தருகிறது.

நிழல் வரைபடம் வரையும் கட்டத்திலும் இதே கவனம் தேவை. பார்வைப் பரப்பு ஒளிமூலத்தினுடையதாக இருக்கலாம். ஆனால் `eye` முதன்மைக் கேமராவினுடையதாகவே இருக்க வேண்டும். ஒளிமூலத்தின் இடத்தைக் கொடுத்தால் நிழல் வரைபடத்தில் உள்ள நிலமும் திரையில் உள்ள நிலமும் வெவ்வேறு வடிவம் பெற்று, நிலமே தன்மேல் பொய்யான நிழலை விழச்செய்யும். ஆழத்தை மட்டும் முன்னதாக வரையும் தனி ஷேடர் இருந்தால், இரண்டிலும் `invariant gl_Position;` என அறிவிக்க வேண்டும்.

## பிழை எங்கே என்பதைக் கண்டறிதல்

பின்னணியை அழிக்கும் நிறத்தை அடர்ந்த மெஜந்தாவாக மாற்றி, வானத்தை வரையாமல் நிறுத்திவிட்டுக் கேமராவைத் தரைக்கு அருகே மெல்ல நகர்த்துங்கள். விரிசல் எதுவானாலும் மெஜந்தாப் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். பிறகு `k` மதிப்பையே சாம்பல் நிறமாக வரையுங்கள். ஒவ்வொரு நிலை எல்லையிலும் கேமரா பக்கம் தூய வெள்ளையும், அப்பால் தூய கறுப்பும் சந்திக்க வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் கலந்திருந்தால் பெட்டிகளின் உயர எல்லை தவறு, அல்லது சிபியுவும் ஷேடரும் வெவ்வேறு `eye` மதிப்பைப் பயன்படுத்துகின்றன. கறுப்புப் பக்கத்தில் சாம்பல் இருந்தால் மூலைவிட்டச் சமனின்மை மீறப்பட்டிருக்கிறது.

விரிசலின் தோற்றமும் காரணத்தைச் சொல்லும். நிலை எல்லையில் நிலையாக நிற்கும் முக்கோண ஓட்டைகள் மார்ஃப் வரம்புகளின் பிழை. கேமரா நகரும்போது மட்டும் மின்னி மறையும் ஒற்றைப் பிக்சல்கள் மிதவைப்புள்ளித் துல்லியத்தின் பிழை. ஒரே நிலையில் உள்ள பேட்ச்களுக்கு இடையில்கூட நேர்கோடாகத் தெரியும் பிளவு, டெக்ஸ்சர்களின் பகிரப்பட்ட வரிசை ஒத்துப்போகாததையோ அரை டெக்செல் பிழையையோ காட்டுகிறது.

மார்ஃப் நடப்பதைக் கூர்ந்து பார்க்க, தேர்வை உறையவைத்துவிட்டு வேறொரு கேமராவால் சுற்றிப் பார்ப்பது மிகப் பயனுள்ளது. அப்போது ஷேடருக்குச் செல்லும் `eye` மதிப்பையும் சேர்த்தே உறையவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையில் இல்லாத விரிசல்களைத் துரத்திக்கொண்டிருப்போம்.

## கிளிப்மேப்பில் இதே சிந்தனை

ஃபிராங்க் லொசாஸோவும் ஹியூஸ் ஹோப்பேயும் 2004இல் வெளியிட்ட ஜியோமெட்ரி கிளிப்மேப், குவாட்ட்ரீக்குப் பதிலாகக் கேமராவைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய சதுர வளையங்களை வைக்கிறது. ஒவ்வொரு வளையத்தின் வலையும் பொதுவாக 255×255. வெளிப்புறத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள பட்டையில், உயரம் அடுத்த நிலையின் உயரத்தோடு கலக்கப்படுகிறது. வெர்டெக்ஸ் கிடைமட்டமாக நகர்வதில்லை. எனவே எல்லையில் ஒற்றைப்படை வெர்டெக்ஸ் அகலமான முக்கோணத்தின் விளிம்பு நடுவிலேயே தங்கிவிடுகிறது. உயரம் கணக்கில் பொருந்தினாலும், வரையும்போது ஏற்படும் முழுமையாக்கப் பிழையால் ஒற்றைப் பிக்சல் ஓட்டைகள் வரும். அதற்காக எல்லை நெடுகப் பரப்பளவில்லா முக்கோணங்களைத் தைக்க வேண்டும். குவாட்ட்ரீ முறையில் வெர்டெக்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவதால் இந்தத் தையல் தேவையில்லை.

கிளிப்மேப்பைத் தேர்ந்தால் மறக்கக் கூடாதது, வளையங்களைக் கேமராவோடு தொடர்ச்சியாக நகர்த்தாமல், அந்த நிலையின் கட்டத்தைப் போல இரண்டு மடங்கான தாவல்களில் மட்டுமே நகர்த்துவது. அப்போதுதான் வெர்டெக்ஸ்கள் நிலத்தில் எப்போதும் அதே இடங்களில் நிற்கும், ஒற்றை இரட்டை அடையாளமும் மாறாது. நினைவகச் செலவு நிலத்தின் அளவைச் சாராமல் மாறாதிருப்பது இதன் பெரிய பலம். பார்வைக்கு வெளியே உள்ளதைத் துல்லியமாக விலக்குவதிலும், உயரப் பறக்கும் கேமராவுக்கு ஏற்ப நிலைகளைக் குறைப்பதிலும் குவாட்ட்ரீ இயல்பாகப் பொருந்துகிறது.

## இந்த முறை தாங்காத இரண்டு சூழல்கள்

தொலைநோக்கி வழியே பார்ப்பது போலப் பார்வைக் கோணம் சட்டென மாறினால், அதற்கேற்ப வரம்புகளையும் பெருக்க வேண்டியிருக்கும். வரம்புகள் ஒரே ஃபிரேமில் தாவினால் நிலம் முழுவதும் ஒன்றாகத் துள்ளும். பார்வைக் கோணத்தையே கால் நொடி அளவில் தொடர்ச்சியாக மாற்றி, வரம்புகளும் அதைப் பின்தொடரும்படி அமைத்தால் அது மறைகிறது.

மற்றொன்று, உயரத் தரவை வட்டிலிருந்து துண்டுதுண்டாக ஏற்றும் நிலை. நிலை 0க்கான தரவு இன்னும் வந்துசேராததால் 90 மீட்டர் தொலைவில் உள்ள கணுவைப் பெற்றோரின் வலையில் வரைந்தால், தேர்வு நிரல் தந்த உறுதிமொழி உடைகிறது. அண்டையில் உள்ள நிலை 0 பேட்ச் அந்தத் தொலைவில் மார்ஃப் முடிக்காமல் இருக்க, எல்லையில் விரிசல் திறக்கும். எனவே தரவைக் கேட்கும் தொலைவை வரையும் வரம்பைவிடப் போதிய அளவு முன்னதாக வைக்க வேண்டும். அப்படியும் தாமதமானால், வராத நுண்ணிய உயரங்களுக்குப் பதிலாகப் பெற்றோரின் உயரங்களை இடைச்செருகி நிரப்பி, வலையை மட்டும் நிலை 0 ஆகவே வரையலாம். வலையின் பொருத்தம் அப்படியே நீடிக்கிறது. ஆனால் உண்மைத் தரவு உள்ள கணுவோடு பகிரும் விளிம்பு வரிசையில் இரு பக்கமும் ஒரே உயரத்தைப் படிப்பதை உறுதிசெய்ய வேண்டும். வரும் தரவை நிரப்பிய உயரங்களின் மேல் சட்டென எழுதாமல், சில ஃபிரேம்களில் படிப்படியாகக் கலந்தால் அந்த இடத்திலும் பாப்பிங் தெரியாது. வேகமாகப் பறக்கும் கேமராவில் இந்த ஏற்பாடும் போதாமல் போனால், தரவு முழுமையடையாத கணுக்களுக்கு மட்டும் ஓரப் பாவாடையை இயக்குவது ஏற்கத்தக்க கடைசி வழி.